வாதக் கட்டுரையை எப்படிக் கட்டமைப்பது? மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி அளிக்கும்போது திரும்பத் திரும்ப எழும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் அனைத்திற்கும் ‘நகரங்களில் மழைநீர் சேகரிப்பு’ என்ற ஒரே தலைப்பையே எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதியோடு எப்படி இணைகிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

வாதக் கட்டுரைன்னா என்ன சார்? நாங்க வழக்கமா எழுதுற கட்டுரையில இருந்து அது எதுல மாறுது?

வழக்கமான கட்டுரை ஒரு பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றைச் சொல்லும். வாதக் கட்டுரை அப்பொருளைப் பற்றி ஒரு முடிவை முன்வைத்து, அதை ஏற்காதவரையும் ஏற்கச் செய்ய முயலும். மழைநீர் சேகரிப்பைப் பற்றி முதல் வகையில் எழுதுபவர், மழையின் சிறப்பு, நீரின் தேவை, சேகரிக்கும் முறைகள், பயன்கள் என்று வரிசையாகச் செல்வார். அந்தக் கட்டுரையின் எந்த வரியோடும் யாரும் முரண்பட மாட்டார்கள். முரண்பட ஆள் இல்லாத இடத்தில் வாதத்திற்கு வேலையும் இல்லை.

இரண்டாம் வகையில் எழுதுபவர் தமக்கு எதிரே ஒருவர் அமர்ந்து ஒவ்வொரு வரிக்கும் “ஏன்? அதனால் என்ன?” என்று கேட்பதாக எண்ணிக்கொண்டு எழுத வேண்டும். அந்த எதிராளி முட்டாளும் அல்லர், பகைவரும் அல்லர். நியாயமான காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்வார், காட்டாவிட்டால் தலையசைக்க மாட்டார், அவ்வளவுதான்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு மூணும் எழுதினா போதாதா? நிலைப்பாடுன்னு தனியா ஒரு வாக்கியம் எதுக்கு?

அந்த மூன்றும் கட்டுரையில் எது எங்கே வர வேண்டும் என்பதை மட்டுமே சொல்கின்றன. எதற்காக எழுதுகிறோம் என்பதை நிலைப்பாட்டு வாக்கியம்தான் சொல்கிறது. அது இல்லாவிட்டால், பொருளுரையில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய எழுதுபவரிடம் அளவுகோலே இருக்காது. தலைப்போடு தொடர்புடையது என்ற ஒரே காரணத்திற்காக மரம் வளர்ப்பு, ஆறுகளின் மாசு, கரிகாலன் கட்டிய கல்லணை எல்லாம் மழைநீர்க் கட்டுரைக்குள் வந்துவிடுவது இதனால்தான்.

நிலைப்பாடு எழுதப்பட்டுவிட்டால், “இந்தச் செய்தி என் முடிவை நிறுவ உதவுகிறதா?” என்ற ஒரு கேள்வியால் எல்லாவற்றையும் சலித்துவிடலாம். கல்லணை அரிய செய்திதான். ஆனால் நகரத்து வீட்டு மாடியில் விழும் மழை பற்றிய முடிவுக்கு அதனால் பயனில்லை.

நிலைப்பாட்டு வாக்கியம் சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அதன் எதிர்மறையை உரக்கச் சொல்லிப் பாருங்கள். அப்படி எதிர்மறையாகச் சொல்லக்கூடிய, நல்லறிவுள்ள ஒருவரை உங்களால் கற்பனை செய்ய முடிந்தால், வாக்கியத்தில் வாதம் இருக்கிறது என்று பொருள். மாணவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் “மழைநீர் சேகரிப்பு மிகவும் அவசியமானது” என்பதாக இருக்கும். “அவசியமே இல்லை” என்று சொல்பவர் யார்? ஒருவரும் இல்லை. எனவே இது நிலைப்பாடு ஆகாது.

அடுத்த முயற்சியில், “எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பை அரசு கட்டாயமாக்க வேண்டும்” என்று வரும். இதில் செய்ய வேண்டிய செயல் ஒன்று இருப்பதால் முன்னதைவிட மேலானது. ஆனால் தமிழ்நாட்டில் அது 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. நடந்து முடிந்த ஒன்றை நடக்க வேண்டும் என்று கேட்டால், எழுதுபவர் தலைப்பைப் பற்றி விசாரிக்கவில்லை என்பதை முதல் பத்தியிலேயே திருத்துநர் கண்டுகொள்வார். சட்டம் இருக்கிறது என்று தெரிந்தவுடன், அப்படியானால் உண்மையான குறை எங்கே இருக்கிறது என்று மாணவர் தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலில்தான் மூன்றாவது வடிவம் கிடைக்கிறது: “மழைநீர் சேகரிப்பு அமைப்புகளைக் கட்டச் சொல்வதோடு நின்றுவிடாமல், நகர உள்ளாட்சி அமைப்புகள் அவற்றை ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக நேரில் ஆய்வு செய்ய வேண்டும்.”

இதை மறுக்க ஆட்கள் உண்டு. “அவ்வளவு வீடுகளுக்கும் போக ஆள் எங்கே?” என்று ஒருவர் கேட்பார். “என் வீட்டை நானே பார்த்துக்கொள்ள மாட்டேனா?” என்று இன்னொருவர் கேட்பார். யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பதும் இதில் தெளிவாக இருக்கிறது. இனி வரும் விடைகளில் இந்த வாக்கியத்தையே நிலைப்பாடாகக் கொள்கிறேன்.

முன்னுரையை எப்படித் தொடங்கணும்? நிலைப்பாட்டை முதல் வரியிலேயே சொல்லிடணுமா?

முதல் வரியில் சொன்னால் பிழையில்லை. ஆனால் பின்னணி தெரியாதவருக்கு அது அறிவிப்புப் பலகை போலத் தோன்றும். முன்னுரையின் கடைசி வாக்கியமாக வைப்பது பாதுகாப்பான பழக்கம். அதற்கு முன்னுள்ள மூன்று நான்கு வாக்கியங்களின் வேலை, சிக்கல் ஒன்று இருக்கிறது என்று வாசகரை உணரவைத்து, நிலைப்பாட்டை எதிர்பார்க்கும் இடம்வரை அவரை அழைத்து வருவதே. “ஆதி மனிதன் தோன்றிய காலம் தொட்டே” என்று தொடங்கினால் அங்கிருந்து இன்றைய சென்னைக்கு வந்து சேருவதற்குள் பக்கம் முடிந்துவிடும்.

ஒரு மாதிரி: “2015 டிசம்பரில் சென்னையின் தெருக்களில் படகுகள் ஓடின. 2019 ஜூலையில் அதே நகரத்திற்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. மழைநீரைச் சேகரிக்கும் அமைப்பு ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்க வேண்டும் என்ற சட்டம் இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் முன்பே, 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே இன்றைய தேவை இன்னொரு சட்டம் அன்று. கட்டப்பட்ட அமைப்புகளை நகர உள்ளாட்சி அமைப்புகள் ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்பதே.” இதில் வருணனை ஏதும் இல்லை. இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்ததே “ஏன் இப்படி?” என்ற கேள்வியை வாசகரிடம் எழுப்பிவிடுகிறது.

சான்றுப் பத்தியில நிறைய தகவல் குடுத்தும் ‘வாதம் வலுவாக இல்லை’ன்னு எழுதிக் குடுத்துடறாங்க. ஏன்?

சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே வர வேண்டிய வாக்கியம் விடுபட்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். வாதக் கட்டுரையின் உயிர் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. எனவே இந்த விடை மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். மாணவர் ஒருவர் எழுதக்கூடிய பத்தியைப் பாருங்கள்: “2019ஆம் ஆண்டு சென்னையில் கடும் குடிநீர்ப் பஞ்சம் ஏற்பட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டன. ரயிலில் தண்ணீர் கொண்டு வரப்பட்டது. எனவே மழைநீர் சேகரிப்பு அமைப்புகளை ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும்.” செய்திகள் எல்லாம் உண்மை. ஆனால் அந்த ‘எனவே’ தாவிக் குதிக்கிறது. இதே செய்திகளை வைத்துக்கொண்டு, “எனவே ஏரிகளைத் தூர்வார வேண்டும்” என்றும் எழுதலாம், “எனவே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைக் கூட்ட வேண்டும்” என்றும் எழுதலாம். ஒரு சான்றிலிருந்து எந்த முடிவுக்கும் போக முடியும் என்றால், அது உங்கள் முடிவை நிறுவவில்லை. 2019 நிகழ்வு வாசகரைத் திடுக்கிட வைக்கும். ஆய்வு தேவை என்பதை மெய்ப்பிக்காது. அதனால்தான் மேலுள்ள மாதிரியில் அதை முன்னுரையில் வைத்தேன்.

இனி அதே நிலைப்பாட்டுக்கு உண்மையாகத் துணை நிற்கும் பத்தி: “மழைநீர் சேகரிப்பு அமைப்பு பழுதானால் அது வெளியே தெரிவதில்லை. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நீர், கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கோ கசிவுக் குழிக்கோ செல்கிறது. ஓராண்டாக மாடியில் சேர்ந்த தூசியும் சருகும் முதல் மழையோடு இறங்கி மணல்மேல் படிந்துவிட்டால், நீர் உள்ளே போகாமல் வழிந்து தெருவுக்கு ஓடிவிடும். மோட்டார் பழுதானால் அன்றைக்கே வீட்டில் தண்ணீர் நின்றுபோகும்; வடிகட்டி அடைத்துக்கொண்டால் வீட்டில் எதுவும் நிற்பதில்லை, அதனால் வீட்டுக்காரர் கவனிப்பதும் இல்லை. தானாக வெளிப்படாத பழுதை யாராவது தேடிச் சென்று பார்த்தால்தான் கண்டறிய முடியும் என்பதால், கட்டிய நாளில் கொடுத்த ஒப்புதலை மட்டும் நம்பியிருக்க முடியாது.”

முதல் வாக்கியம் பத்தியின் கூற்று. அடுத்த மூன்றும் சான்று. கடைசி வாக்கியம் பிணைப்பு. இந்தச் சான்றிலிருந்து ஏன் இந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதை அது விளக்குகிறது. இப்பத்தியைப் படித்துவிட்டு “எனவே ஏரியைத் தூர்வார வேண்டும்” என்று ஒருவராலும் எழுத முடியாது.

பரீட்சை ஹால்ல புள்ளிவிவரம் எங்க சார் ஞாபகம் இருக்கும்? தோராயமா ஒரு சதவீதம் போட்டுக்கலாமா?

கூடாது. “ஆய்வு ஒன்றின்படி 73 விழுக்காட்டினர்” என்று இட்டுக்கட்டுவது நேர்மையற்றது. திருத்துநர்களுக்கும் அது எளிதில் பிடிபடும். எந்த ஆய்வு, யார் செய்தது என்பது இல்லாத விழுக்காடு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். “அறிஞர்கள் கூறுகின்றனர்” என்ற தொடருக்கும் இதே நிலைதான்.

நினைவில் இல்லாத எண்ணுக்குப் பதிலாக, கணக்கிட்டு அறியக்கூடிய எண்ணைப் பயன்படுத்துங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். சென்னையின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஓராண்டில் 1,40,000 லிட்டர் விழுகிறது. ஆவியாவதற்கும் முதல் மழையில் மாடி கழுவப்படுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகரக் குடிநீர் வழங்கல் அளவின்படி, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளுக்கு 540 லிட்டர் தேவை. அப்படியானால் அந்த நீர் 200 நாள்களுக்கு மேல் வரும். இதில் மனப்பாடம் செய்ய வேண்டியவை இரண்டு எண்கள் மட்டுமே. மற்றவை விடைத்தாளின் ஓரத்தில் போடக்கூடிய பெருக்கல், வகுத்தல். வாசகரும் தாமே போட்டுச் சரிபார்க்க முடிவதால், இத்தகைய கணக்கு எங்கிருந்தோ எடுத்த விழுக்காட்டைவிட அழுத்தமாக நம்ப வைக்கும்.

ஓர் எச்சரிக்கை. கணக்கு எவ்வளவு நிறுவுகிறதோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சென்னையில் பாதிக்கு மேற்பட்ட மழை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது; அத்தனையையும் வீட்டுத் தொட்டியில் அடைத்துவைக்க முடியாது, பெரும்பகுதி நிலத்துக்குள்தான் இறங்க வேண்டும். ஆகையால் “ஒரு வீட்டின் 200 நாள் தேவை தீர்ந்துவிடும்” என்று முழங்காமல், “200 நாள் தேவைக்கு நிகரான நீர், அடைபட்ட வடிகட்டி ஒன்றினால் தெருவுக்குப் போய்விடலாம்” என்று எழுதினால் கூற்று சரியாகவும் இருக்கும், நம் நிலைப்பாட்டோடு நேராகவும் இணையும்.

என் பொண்ணு பத்திக்கு ஒரு குறள் எழுதுறா. மேற்கோள் இருந்தா மார்க் கூடும்னு நெனைக்கிறா. அது சான்றா எடுத்துக்கப்படுமா?

மேற்கோள் மொழிவளத்தைக் காட்டும், பொருத்தமாக வந்தால் மதிப்பெண்ணும் தரும். ஆனால் ஒரு செய்தி உண்மை என்பதற்கு அது சான்று ஆகாது. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது என்பதை எந்தக் குறளாலும் மெய்ப்பிக்க முடியாது. நாம் எதை மதிக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் குறளுக்கு ஆற்றல் உண்டு. உலகில் என்ன நடக்கிறது என்று சொல்லும் இடத்தில் கணக்கும் கண்ணால் கண்டதும் வேண்டும்.

இத்தலைப்பில் எல்லா மாணவர்களும் “நீரின்று அமையாது உலகு” என்பதை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். முழுக் குறள் “நீரின்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வானின்று அமையாது ஒழுக்கு” என்பது. நீர் வேண்டும் என்பதைப் பாதியிலேயே சொல்லி முடித்த வள்ளுவர், மறுபாதியில் மழைக்குப் போகிறார். நம் தலைப்புக்கு வேண்டியது அந்த மறுபாதிதான். கட்டுரைக்கு ஒரு மேற்கோள் போதும். அதற்கு அடுத்த வாக்கியத்தில், இதை ஏன் இங்கே கொண்டு வந்தேன் என்பதை உங்கள் மகள் தம் சொற்களில் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் மேற்கோளை விட்டுவிடலாம்.

எத்தனை சான்றுப் பத்தி வேணும்? எதை முதல்ல வைக்கணும்?

ஒன்றரை அல்லது இரண்டு பக்கக் கட்டுரைக்கு இரண்டு அல்லது மூன்று பத்திகள் போதும். ஐந்து காரணங்களை ஆளுக்கு இரண்டு வரியில் சொல்வதைவிட இரண்டு காரணங்களைப் பிணைப்போடு முழுமையாகச் சொல்வதே மேல். ‘வலுவானதை முதலில் வை’, ‘வலுவானதைக் கடைசியில் வை’ என்று இரு விதமாகவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒன்றை ஒப்புக்கொண்டால்தான் அடுத்தது பொருள்படும் என்ற நிலை இருந்தால், அந்த வரிசையையே பின்பற்ற வேண்டும் என்பேன்.

நம் எடுத்துக்காட்டில் மாடிக் கணக்கு முதலில் வர வேண்டும். வீணாகும் நீர் கொஞ்சநஞ்சம் அன்று என்று வாசகர் ஒப்புக்கொண்ட பிறகுதான், அது ஏன் வீணாகிறது என்ற வடிகட்டிப் பத்தி அவருக்கு முக்கியமாகத் தோன்றும். இடம் மாற்றினால், “சிறிதளவு நீர் போனால் போகட்டுமே” என்று வடிகட்டிப் பத்தியைப் படிக்கும்போதே அவர் நினைத்துவிடுவார்.

எதிர்க்கருத்தை நாமே எழுதினா நம்ம கட்டுரை பலவீனமாயிடாதா?

ஆகாது, விடை சொல்லாமல் விட்டால்தான் பலவீனம். எதிர்க்கருத்து ஏற்கெனவே வாசகர் மனத்தில் இருக்கிறது. நாம் சொல்லாமல் போனால், அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே மீதிக் கட்டுரையைப் படிப்பார். மாணவர்கள் செய்யும் தவறு, எளிதில் வீழ்த்தக்கூடிய எதிர்க்கருத்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. “சிலர் மழைநீர் தேவையில்லை என்பர்” என்று எழுதி அதை மறுப்பதில் பயனில்லை. அப்படி ஒருவரும் சொல்வதில்லை.

கடினமானதை எடுத்துக்கொள்ளுங்கள்: “ஒவ்வொரு வீட்டையும் ஆய்வு செய்ய உள்ளாட்சி அமைப்புகளிடம் போதிய பணியாளர்கள் இல்லை என்பது புறந்தள்ள முடியாத தடை. ஆனால் டெங்கு தடுப்புக்காகக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் மழைக்காலத்தையொட்டி வீடு வீடாகச் சென்று, மாடியிலும் தொட்டியிலும் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதே வருகையைச் சற்று முன்னதாகத் தொடங்கி, மாடிக் குழாய் வடிகட்டியில் முடிகிறதா, மணலின் மேற்பகுதி அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொன்னால், புதிதாக ஒரு படையைத் திரட்ட வேண்டியதில்லை.” முதல் வாக்கியத்தில் தடையை மழுப்பாமல் ஒப்புக்கொள்வதைக் கவனியுங்கள். மறுப்பு அதன்மேல்தான் நிற்கிறது.

எதிர்க்கருத்து உண்மையிலேயே சரியா இருந்தா என்ன பண்றது?

எந்த அளவுக்குச் சரியோ அந்த அளவுக்கு விட்டுக்கொடுங்கள். 2019 பஞ்சத்திற்கு முந்தைய ஆண்டின் பருவமழை பொய்த்ததும் காரணம். அதை மறுக்க முடியாது. “மழையே பெய்யாதபோது வடிகட்டியைச் சோதித்து என்ன பயன்?” என்று ஒருவர் கேட்டால், மழை குறைந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மேலே போட்ட கணக்குக்குத் திரும்பலாம். மழை பாதியாகக் குறைந்து 700 மில்லிமீட்டர் பெய்தாலும், அதே மாடியில் 56,000 லிட்டர் கிடைக்கும். ஒரு குடும்பத்தின் 100 நாள் தேவைக்கு அது நிகர். மழை குறைந்த ஆண்டில் ஒவ்வொரு லிட்டருக்கும் மதிப்பு கூடுகிறது என்பதால், அந்த ஆண்டில்தான் வடிகட்டி அடைபடாமல் இருப்பது மேலும் முக்கியமாகிறது.

சில நேரம் எதிர்க்கருத்துக்கு விடையே கிடைக்காது. அப்போது நிலைப்பாட்டைக் குறுக்கிக்கொள்வதுதான் வழி. “எல்லா வீடுகளையும்” என்பதற்கு உங்களால் நியாயம் சொல்ல முடியவில்லை என்றால், “அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிகள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றை” என்று மாற்றலாம். சிறிய கூற்றை முழுமையாக நிறுவிய கட்டுரை, பெரிய கூற்றைப் பாதியில் விட்ட கட்டுரையைவிட மேலானது.

வினாத்தாள்லயே குறிப்புகள் குடுத்து, உட்தலைப்போட எழுதச் சொல்லியிருந்தா இதெல்லாம் எப்படிப் பொருத்தறது?

குறிப்புகளை விட்டுவிடக் கூடாது. அவற்றுக்கென மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கும். “முன்னுரை – நீரின் தேவை – மழைநீர் சேகரிப்பு முறைகள் – நமது கடமை – முடிவுரை” என்று கொடுத்திருந்தால், உட்தலைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் வருவதை உங்கள் நிலைப்பாட்டின் பக்கம் திருப்ப வேண்டும். ‘நீரின் தேவை’யின் கீழ் மாடிக் கணக்கு வரலாம். ‘சேகரிப்பு முறைகள்’ என்பதன் கீழ், முறையை விவரித்துவிட்டு அது எங்கே அடைத்துக்கொள்கிறது என்று காட்டலாம். ‘நமது கடமை’ என்பது எதிர்க்கருத்துக்கு ஏற்ற இடம், “அரசுதான் செய்ய வேண்டுமா, நாமே செய்ய முடியாதா?” என்ற கேள்வி அங்கே இயல்பாக எழும். உட்தலைப்பின் கீழ் முதல் வாக்கியம் அந்தக் குறிப்புக்கும், கடைசி வாக்கியம் உங்கள் நிலைப்பாட்டுக்கும் பதில் சொன்னால் இரண்டு பக்கமும் நிறைவடையும்.

தலைப்புல எனக்கு ரெண்டு பக்கமும் சரின்னுதான் தோணுது. எந்தப் பக்கம் எழுதறது?

உங்களுக்கு எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்று யோசிப்பதைவிட, எந்தப் பக்கத்திற்கு உங்களிடம் இரண்டு நல்ல சான்றுகள் இருக்கின்றன என்று பாருங்கள். தேர்வு உங்கள் மனச்சாய்வை அளப்பதில்லை. “இருபுறமும் நன்மை தீமை உண்டு, நடுநிலையாகப் பயன்படுத்த வேண்டும்” என்று முடிப்பது பணிவாகத் தெரிந்தாலும், முடிவு சொல்வதைத் தவிர்க்கும் வழிதான் அது. உண்மையிலேயே நடுநிலைதான் உங்கள் கருத்து என்றால், எந்தச் சூழலில் ஒன்று சரி, எந்தச் சூழலில் மற்றொன்று சரி என்று வரம்பு கட்டிச் சொல்லுங்கள். அந்த வரம்பே உங்கள் நிலைப்பாடாகிவிடும்.

முடிவுரை எழுதினா முன்னுரையையே திருப்பி எழுதின மாதிரி வருது. வேற என்னதான் எழுதறது?

முன்னுரையில் நிலைப்பாட்டைச் சொன்னபோது வாசகருக்கு அதை ஏற்கக் காரணம் ஏதும் தெரியாது. முடிவுரைக்கு வரும்போது அவருக்கு எல்லாக் காரணங்களும் தெரியும். எனவே அதே கருத்தை, காரணங்களையும் சேர்த்துக் கூர்மையாகச் சொல்ல முடியும். அதன்பின், இதை ஏற்றுக்கொண்டால் அடுத்து நடக்க வேண்டியது என்ன என்பதற்கு ஒரு படி முன்னே செல்லலாம். புதிய சான்றைச் சேர்க்கக் கூடாது. அதை விளக்க இடம் இருக்காது.

மாதிரி: “ஒரு மாடியில் விழும் நீர் ஒரு குடும்பத்தின் பாதி ஆண்டுத் தேவைக்கு நிகராக இருக்கும்போது, அதைத் தெருவுக்குத் திருப்பிவிட ஒரு பிடி சருகு போதுமானதாக இருக்கிறது. வீட்டுக்காரரின் கண்ணுக்குப் படாத அந்த அடைப்பை, மழைக்கு முன் ஒரு பணியாளரால் சில நிமிடங்களில் கண்டறிய முடியும். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. ஆகவே ஆய்வுப் பணியை உள்ளாட்சி அமைப்புகள் செப்டம்பர் இறுதிக்குள் முடித்து, அடைபட்ட வடிகட்டிகளைச் சீரமைக்க வீட்டுக்காரர்களுக்கு மூன்று வார அவகாசமாவது தர வேண்டும்.” மழைத்துளி உயிர்த்துளி, நீரைக் காப்போம் நாட்டைக் காப்போம் போன்ற முழக்கங்கள் சுவரில் எழுத நன்றாக இருக்கும். உங்கள் கட்டுரைக்கு மட்டுமே உரிய முடிவை அவை தர முடியாது, ஏனென்றால் தண்ணீர் பற்றிய எந்தக் கட்டுரையின் கீழும் அவற்றை ஒட்டிவிடலாம்.

எழுதி முடிச்சப்புறம் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. எழுத்துப்பிழை பார்க்கறதா, வேற எதைப் பார்க்கறது?

முதல் இரண்டு நிமிடம் கட்டமைப்பைப் பாருங்கள். நிலைப்பாட்டு வாக்கியத்தையும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் முடிவுரையையும் மட்டும் தொடர்ச்சியாகப் படித்தால், ஒரே ஆள் ஒரே பேச்சைப் பேசுவது போல இருக்க வேண்டும். நடுவில் ஒரு வாக்கியம் வேறு எங்கோ போனால், அந்தப் பத்தி தலைப்புக்கு உரியதே தவிர நிலைப்பாட்டுக்கு உரியது அன்று. பத்தி முழுவதையும் அடிக்கத் தேவையில்லை. அதன் இறுதியில் ஒரு பிணைப்பு வாக்கியத்தைச் சேர்க்க முடிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பத்திகளுக்கிடையே ஒரு வரி இடம் விட்டு எழுதும் பழக்கம் இந்த நேரத்தில் கைகொடுக்கும்.

அடுத்து ‘எனவே’, ‘ஆகவே’, ‘ஆதலால்’ என்று வரும் இடங்களுக்குப் போய், அவற்றுக்கு முன்னுள்ள வாக்கியத்திலிருந்து வேறொரு முடிவையும் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால், 2019 பத்தியில் கண்ட அதே குறை அங்கும் இருக்கிறது. எஞ்சிய நேரத்தில் ஒற்று மிகும் இடங்களையும் ல, ழ, ள வேறுபாட்டையும் பார்க்கலாம். கடைசி நிமிடத்தில் நினைவுக்கு வரும் புதிய சான்றை மட்டும், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஓரத்தில் செருக வேண்டாம்.